மூன்று வயர் போகிறது, திரும்பும் வயர் எங்கே?

வீட்டு மின்விசிறிக்கு ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று என இரண்டு வயர் வேண்டும். மின்சாரம் ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்புகிறது. ஆனால் தோட்டத்தில் ஓடும் 5 எச்.பி. மும்முனை மோட்டாருக்கு ஸ்டார்ட்டரிலிருந்து போவது சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று ஃபேஸ் வயர்கள்தான். கூடவே இருக்கும் எர்த் கம்பி பாதுகாப்புக்கு மட்டுமே. நியூட்ரல் கிடையாது. அப்படியானால் போன மின்சாரம் எப்படித் திரும்புகிறது?

ஒரு வயரில் போவது அந்தக் கணத்தில் மற்ற இரண்டின் வழியாகத் திரும்பிவிடுகிறது. மூன்று மின்னழுத்தங்களையும் எந்த நொடியில் கூட்டினாலும் பூஜ்யமே வருவதால்தான் இது நடக்கிறது.

ஜெனரேட்டருக்குள் ஒரே மாதிரியான மூன்று சுருள்கள், வட்டத்தில் 120 பாகை இடைவெளியில் அமைந்திருக்கின்றன. நடுவில் சுழலும் காந்தம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. சிவப்பு உச்சத்தைத் தொட்டு 6.67 மில்லி விநாடி கழித்து மஞ்சள் தொடும், மேலும் அவ்வளவு நேரம் கழித்து நீலம் தொடும்.

230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. உண்மையில் அது 325 வோல்ட் வரை ஏறி, அதே அளவு எதிர்ப்பக்கம் இறங்குகிறது. சிவப்பு +325இல் நிற்கும் கணத்தில் மற்ற இரண்டும் தலா −162.5இல் இருக்கும். கூட்டினால் பூஜ்யம். சுழற்சியில் 30 பாகை நகர்ந்ததும் சிவப்பு +281, மஞ்சள் 0, நீலம் −281. அப்போதும் பூஜ்யம்தான்.

எல்லாக் கணத்திலும் அப்படியேதானா? ஒரு தாளில் ஒரே நீளமுள்ள மூன்று அம்புகளை 120 பாகை திருப்பித் திருப்பி, ஒன்றின் முனையில் அடுத்ததன் வாலை வைத்து வரையுங்கள். மூன்றாவது அம்பு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்து, சமபக்க முக்கோணமாக மூடிக்கொள்ளும். ஒவ்வோர் அம்பும் எவ்வளவு மேலே ஏறுகிறது அல்லது கீழே இறங்குகிறது என்பதுதான் அந்த ஃபேஸின் அப்போதைய வோல்ட். நேரம் போகப் போக முக்கோணம் முழுதாகச் சுழல்கிறது. மேட்டுநிலத்தில் முக்கோண வரப்பைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறவர் ஏறியதும் இறங்கியதும் சமமாகத்தானே இருக்கும்? நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கணக்கு மாறாது. முக்கோணம் எப்படித் திரும்பினாலும் கூட்டுத்தொகை பூஜ்யமாகவே இருப்பதற்கும் இதுவே காரணம்.

தெருவில் வீடுகளை மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துக் கொடுப்பதும் இதற்காகத்தான். சாதாரண ஹீட்டர், குண்டு பல்பு போன்றவை மூன்றிலும் தலா 10 ஆம்பியர் இழுத்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது. ஒன்றில் மட்டும் 4 ஆம்பியர் என்றால், குறைந்த அந்த 6 ஆம்பியர் நியூட்ரலில் ஓடும். சமமின்மையைச் சுமப்பதே நியூட்ரலின் வேலை.

அந்த நியூட்ரல் அறுந்தால்? சிவப்பு ஃபேஸ் வீட்டில் 1000 வாட் ஹீட்டர், மஞ்சள் ஃபேஸ் வீட்டில் 100 வாட் பல்பு, நீலத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட், தொடராக இணைந்துவிட்ட ஹீட்டரையும் பல்பையும் பார்க்கிறது. பல்பின் மின்தடை பத்து மடங்கு அதிகம் என்பதால், அதன் தலையில் சுமார் 364 வோல்ட் விழுகிறது. ஹீட்டருக்கு 36தான் மிஞ்சுகிறது. பல்பு கண நேரம் பளீரென எரிந்து ஃபியூஸ் போய்விடும். ஒரு வீட்டில் விளக்கு மங்க, அதே சமயம் பக்கத்து வீட்டில் கண் கூசும்படி எரிந்தால், நியூட்ரல் விட்டுப்போனதாகச் சந்தேகித்து உடனே மெயினை அணைத்துவிட வேண்டும்.

பூஜ்யக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. மூன்றும் ஒரே உயரமுள்ள, சீரான அலைகளாக இருந்தால்தான் முக்கோணம் மூடும். கம்ப்யூட்டரும் பல எல்.இ.டி. விளக்குகளும் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் மடக்கு மடக்காக இழுக்கின்றன. இதனால் 50 சுழற்சியோடு, அதைப்போல் மூன்று மடங்கு வேகமான 150 சுழற்சி அலையும் கலந்துவிடுகிறது. பெரிய அலைக்கு மூன்றில் ஒரு பங்காக இருக்கும் தாமதம், இந்தச் சிறிய அலைக்கு ஒரு முழுச் சுற்று. எனவே மூன்று ஃபேஸ்களிலும் அது ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகிறது. ஒன்றையொன்று அழிக்க வழியில்லை. தலா 3 ஆம்பியர் இருந்தால் நியூட்ரலில் 9 ஆம்பியராகச் சேர்கிறது.

கம்ப்யூட்டர்கள் நிறைந்த அலுவலகத்தில் எலக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரை மூன்று ஃபேஸ் வயர்களிலும் மாட்டிப் பார்க்கும்போது சமமான ஆம்பியர் காட்டும். நியூட்ரலில் மாட்டினால் அதுவும் கணிசமாகக் காட்டும், வயர் தொட்டால் சுடும். லோடை மாற்றிப் பிரித்துக் கொடுப்பதால் இந்தச் சூடு தணியாது. அங்கே நியூட்ரல் வயரையே பருமனாகப் போட வேண்டும்.