சில்லறைச் செலவுப் பதிவேடும் பெட்டியில் மிஞ்சும் பணமும்

ஆட்டோ வாடகை, கூரியர், தேநீர், ஜெராக்ஸ் போன்ற சின்னச் செலவுகளுக்கு அலுவலகங்கள் காசோலை எழுதுவதில்லை. குறிப்பிட்ட தொகை ஒன்றை எழுத்தர் ஒருவரிடம் கொடுத்துவைத்து, செலவானதை மட்டும் மாதக் கடைசியில் ஈடுகட்டுகிறார்கள். இந்த முறையில் ஒரு கணக்கு எந்த நாளிலும் மாறாது. பெட்டியில் உள்ள பணத்தையும் அதுவரை கொடுத்த வவுச்சர்களின் தொகையையும் கூட்டினால், முதலில் கொடுத்த தொகை வர வேண்டும்.

வவுச்சரில் பணம் வாங்கியவர், கொடுத்தவர், அனுமதித்தவர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். அனுமதிக் கையெழுத்து பணம் கைமாறுவதற்கு முன்பே விழ வேண்டும். காசை வைத்திருப்பவரே அனுமதிப்பவராகவும் இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் வவுச்சர்களைக் கட்டாக நீட்டி மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போது அனுமதிப்பவரால் எந்தச் செலவையும் தடுக்க முடியாது; பணம் ஏற்கெனவே போயிருக்கும். ஆட்டோ போன்று பில் கிடைக்காத செலவுக்கு, எங்கிருந்து எங்கே, எந்த வேலைக்கு என்று வவுச்சரிலேயே எழுத வேண்டும். பணம் கொடுத்ததும் வவுச்சரிலும் பில்லிலும் ‘பணம் கொடுக்கப்பட்டது’ என்று முத்திரை வைக்க வேண்டும். வைக்காத பில் அடுத்த மாதம் புது வவுச்சரோடு மறுபடியும் வரலாம்.

பதிவேட்டில் தேதி, வவுச்சர் எண், விவரம், தொகை என்று எழுதி, வலப்பக்கம் போக்குவரத்து, தபால், தேநீர், பராமரிப்பு எனத் தலைப்புவாரியாகவும் அதே தொகையைப் போடுவார்கள். எண்கள் விடாமல் வரிசையாக வர வேண்டும். கெட்டுப்போன வவுச்சரைக்கூடக் கிழித்துப் போடாமல், ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் வைப்பதே சரி. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே திருத்தி, சுருக்கொப்பம் இட வேண்டும். ஒயிட்னர் பூசினால் முதலில் என்ன எழுதியிருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

எடுத்துக்காட்டாக, 5,000 ரூபாய் வைத்திருக்கும் ஒரு அலுவலகத்தின் மாதக் கடைசியைப் பார்க்கலாம். கூரியர் 180, ஆட்டோ 240, தேநீர் 560, எழுதுபொருள் 475, குழாய் பழுது 900, ஜெராக்ஸ் 130 எனப் பதிவேட்டில் மொத்தம் 2,485 ரூபாய். அப்படியானால் பெட்டியில் 2,515 இருக்க வேண்டும். எண்ணினால் ஐந்நூறு மூன்று, இருநூறு இரண்டு, நூறு நான்கு, ஐம்பது இரண்டு, பத்து இரண்டு, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, மொத்தம் 2,425. தொண்ணூறு ரூபாய் குறைகிறது.

90 என்பது ஒன்பதால் மீதியின்றி வகுபடும் எண். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் இப்படித்தான் வகுபடும். அதனால் பெட்டியைத் திரும்பத் திரும்ப எண்ணுவதைவிட, வவுச்சர்களைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது நல்லது. தேநீர் வவுச்சரில் 650 என்றிருப்பது பதிவேட்டில் 560 ஆகியிருக்கிறது. தலைப்புப் பத்தியிலும் அதே 560 விழுந்திருப்பதால் குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டினாலும் மொத்தம் பிசகவில்லை. பணத்தை எண்ணியதால்தான் பிழை வெளிப்பட்டது. திருத்திய செலவு 2,575, இருப்பு 2,425.

தேடியும் காரணம் கிடைக்காவிட்டால், குறைவை ‘பணக் குறைவு’ என்று பதிந்து மேலதிகாரியின் கையெழுத்தைப் பெற வேண்டும். சொந்தப் பையிலிருந்து போட்டு நிரப்புவது நேர்மையான மனிதர்களும் செய்யும் தவறு. அதனால் பிழை மறைந்துவிடுகிறது. பிறகு மிச்சம் வரும் நாளில் அதை எடுத்துக்கொள்ளவும் தோன்றும். மிச்சத்தையும் அவ்வாறே பதிய வேண்டும்.

வேலை முடியுமுன் ஒருவர் முன்பணமாக 500 வாங்கிப் போயிருந்தால், அது இன்னும் செலவல்ல. அவர் கையெழுத்திட்ட சீட்டு பெட்டியில் பணத்தின் இடத்தில் இருக்கும். அவர் 430 ரூபாய்க்குப் பில்லும் மீதி 70 ரூபாயும் தந்த பிறகே வவுச்சர் போட்டுச் சீட்டை அகற்ற வேண்டும். வாரக்கணக்கில் கிடக்கும் சீட்டு கடனாகிவிட்டதோ என்று விசாரிக்க வேண்டும்.

இருப்பு சரியாக இருப்பதால் செலவும் நியாயமானது என்றாகிவிடாது. போலி வவுச்சரை எழுதி அதே தொகையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் கணக்கு ஒரு பைசா பிசகாது. ஆகவே ஈட்டுத்தொகைக்குக் கையெழுத்திடுபவர் பதிவேட்டின் மொத்தத்தோடு நின்றுவிடாமல், பில்லின் தேதி, திருத்தப்பட்ட எண்கள், ஒரே கையெழுத்தில் எழுதிய வெவ்வேறு கடைகளின் ரசீதுகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பார்த்தபின் 2,575 ரூபாய்க்குக் காசோலை எழுதப்படும். பிழையைத் திருத்தாமல் 2,485 ரூபாய்க்கு எழுதியிருந்தால், பெட்டியில் 4,910 மட்டுமே சேர்ந்திருக்கும். பணம் வந்ததும் பதிவேட்டின் கீழே கோடிட்டு, இருப்பு 5,000 என்று எழுதி, எண்ணியவரும் சரிபார்த்தவரும் தேதியோடு கையெழுத்திடுகிறார்கள்.