ஆல்கஹால் இல்லாத பீரில் ஆல்கஹால் எங்கிருந்து வருகிறது?

இந்த பீரையும் பெரும்பாலும் வழக்கம்போல் நொதிக்க வைத்தே தயாரிக்கிறார்கள். பிறகு, காற்றழுத்தத்தைக் குறைத்து, மிதமான சூட்டிலேயே ஆல்கஹாலை ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். முழுவதும் போய்விடுவதில்லை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். 330 மில்லி புட்டியில் அது சுமார் 1.3 கிராம், 5 சதவீத பீரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு.

பெரியவரின் கல்லீரல் இதை எளிதில் சிதைத்துவிடும். ஆனால் ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகிறது. கருவின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. கர்ப்பத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்ற அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. லேபிளையும் முழுதாக நம்ப முடியாது: 2010இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், ஆல்கஹாலே இல்லை என்ற சில பானங்களில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது.

குடியிலிருந்து மீள்பவருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பீரின் சுவை மட்டுமே, போதை ஏறும் முன்பே, மூளையில் டோபமைனைச் சுரக்கவைக்கும். அடங்கியிருந்த வேட்கை அதில் கிளம்பலாம், 0.0 என்று அச்சிட்ட புட்டிக்கும் இது பொருந்தும். குடியை நிறுத்த டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்களுக்கோ சிறிதளவு ஆல்கஹாலே முகச்சிவப்பு, வாந்தி, படபடப்பைக் கொண்டுவரலாம். அவர்கள் இதைத் தொடவே கூடாது.