எட்டு மில்லிமீற்றரா, நான்கு மில்லிமீற்றரா? உழைக்கும் கைக்கு ஏற்ற கல்யாண மோதிரம்

நகை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் பெண்களின் நகைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ஆண்களின் மோதிரத்துக்குக் காட்டுவதில்லை. மாப்பிள்ளை வருவார், தட்டில் உள்ளதில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார், விரலில் ஏறினால் விலை பேசுவோம். அலுவலகத்தில் பேனா பிடிப்பவருக்கு அது போதும். ஸ்பானர், மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி பிடிப்பவருக்குப் போதாது. அந்த மோதிரம் மூன்று மாதத்தில் வளைந்தோ இறுகியோ கடைக்குத் திரும்பி வரும், அல்லது அலுமாரிக்குள் போய்விடும்.

அண்மையில் ஹட்டனில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது நல்லதண்ணியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மஸ்கெலியாப் பக்கம் கராஜ் ஒன்றில் வேலை. பாவா ஆதம் மலைக்குச் செல்லும் பருவம் டிசம்பர் பூரணையில் தொடங்கி வெசாக் வரை நீடிப்பதால் அந்த ஆறு மாதமும் வேன்களும் பஸ்களும் பழுதாகி வந்தபடி இருக்கும், இரவிலும் வேலை இருக்கும். அடுத்த மாதம் அவருக்குத் திருமணம்.

"நானா, வெள்ளியில எட்டு மில்லிமீற்றர் அகலத்தில ஒன்டு காட்டுங்க. பார்க்க எடுப்பா இரிக்க வேணும்" என்றார்.

ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பதால் எம்மவர்கள் வெள்ளியைக் கேட்பது வழமை. அது பிரச்சினையில்லை. நண்பரை யோசிக்க வைத்தது அந்த எட்டு மில்லிமீற்றர்தான். மோதிரம் இருக்கும் இடம் விரலின் அடிக்கணு. கையை விரித்து வைத்திருக்கும்போது அங்கே இடம் தாராளமாகத் தெரியும். முஷ்டி பிடித்தால் உள்ளங்கைப் பக்கத்துச் சதை திரண்டு வந்து அந்த இடத்தைப் பாதியாக்கிவிடும். அகன்ற மோதிரத்தின் இரு விளிம்புகளும் அப்போது சதையைக் கிள்ளும், பக்கத்து விரல்களையும் அழுத்தும். நண்பர் ஒன்றும் சொல்லாமல் எட்டு மில்லிமீற்றர் மோதிரத்தை அவர் விரலில் மாட்டி, மேசைக்குக் கீழிருந்த சுத்தியலைக் கையில் கொடுத்தார். "இரண்டு நிமிஷம் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பேசுங்க தம்பி" என்றார். ஒரு நிமிடம் முடியுமுன்னே இளைஞர் சுத்தியலை மற்றக் கைக்கு மாற்றிவிட்டார்.

இந்தச் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. மேசையில் ஒரு சுத்தியலோ பழைய ஸ்டியரிங் வளையமோ இருந்தால் போதும். நான்கு மில்லிமீற்றர் மோதிரத்துடன் அதையே செய்து பார்த்தபோது மோதிரம் இருப்பதே தெரியவில்லை என்றார். ஐந்து வரை போகலாம். கைவேலை செய்பவருக்கு ஆறைத் தாண்டுவது என் கணிப்பில் வீண்.

அடுத்தது அளவு. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. விரல் ஒரே பருமனில் இருப்பதில்லை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்க விரலும் மெலியும். வெயிலிலும் உடலுழைப்பிலும் அது வீங்கும். நல்லதண்ணியின் குளிரில் விடிகாலை பஸ் ஏறி, கடை திறந்ததும் அளவு கொடுப்பவரின் விரல், பகல் முழுதும் எஞ்சினோடு மல்லுக்கட்டிய பின் இருக்கும் விரலல்ல. ஒரே நாளில் அரை இலக்க வித்தியாசம் சாதாரணமாக வரும். அரை இலக்கம் என்றால் உள்விட்டத்தில் 0.4 மில்லிமீற்றர். கேட்கச் சிறிது, விரலுக்குப் பெரிது.

இளைஞருக்குக் காலையில் 19.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள அளவு வளையம் சரியாக இருந்தது. நண்பர் அதை எழுதிக்கொண்டு, "ஹட்டனில வேற வேலை இருந்தா முடிச்சிட்டுப் பின்னேரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். மாலை நான்கு மணிக்கு, நடந்து சூடேறிய கையில் அதே வளையம் விரல்மூட்டில் நின்றுவிட்டது. 20 மில்லிமீற்றர் வளையம் சிறு திருகலோடு மூட்டைத் தாண்டியது. அதுவே சரியான அளவு. காலையில் எடுத்த அளவுக்கு மோதிரம் செய்திருந்தால் வெயில் காலத்தில் அவர் சவர்க்காரம் தேடி ஓடியிருப்பார்.

இதில் வியாபாரிகள் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அளவு வளையங்கள் பெரும்பாலும் மெல்லியவை. மெல்லிய வளையத்தில் அளந்துவிட்டு அகன்ற மோதிரத்தைக் கொடுத்தால் அது இறுகும், ஏனெனில் அகன்ற மோதிரம் அதிகமான சதையை ஒரே நேரத்தில் அமுக்குகிறது. ஆறு மில்லிமீற்றருக்கு மேல் போனால் கால் முதல் அரை இலக்கம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். அகன்ற அளவு வளையக் கோவை ஒன்றை வாங்கி வைத்திருப்பதே நல்லது. எந்தக் கை, எந்த விரல் என்பதையும் கேட்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவரின் வலக்கை விரல் பொதுவாகச் சற்றுப் பருமனாக இருக்கும். உழைப்பாளிக்கு இடக்கையே மேல்.

உழைக்கும் கைகளில் மூட்டு புடைத்தும் அடிக்கணு ஒடுங்கியும் இருப்பதுண்டு. மூட்டைத் தாண்டும் மோதிரம் அடியில் போய்ச் சுழலும். இதற்கு மோதிரத்தின் உட்புறத்தைத் தட்டையாக விடாமல், நடுவில் சற்று உப்பி விளிம்புகள் சரியும்படி செய்வார்கள். விளிம்பு சதையில் வெட்டாது, மூட்டையும் வழுக்கிக்கொண்டு கடக்கும், வியர்வையும் உள்ளே தேங்காது. வழுக்கிச் செல்வதால் தட்டையான மோதிரத்தைவிடச் சற்று ஒடுக்கமான அளவே போதும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வயதானவர்களின் மூட்டு மிகப் பெருத்திருந்தால், மோதிரத்தின் உள்ளே உள்ளங்கைப் பக்கமாக இரு சிறு மணிகளைப் பற்றவைத்துக் கொடுக்கலாம். சுழல்வது நிற்கும்.

எம்மவர்க்கு இன்னொரு சோதனையும் நாளுக்கு ஐந்து முறை நடக்கிறது. வுழூச் செய்யும்போது மோதிரத்தை அசைத்து அதன் கீழே நீர் சேரச் செய்கிறோம். ஈரக் கையில் சிரமமின்றிச் சுழல வேண்டும், கையைக் கீழே உதறினால் கழன்று விழவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதே சரியான பொருத்தம். அகன்ற, இறுகிய மோதிரத்தின் கீழே நீரும் சவர்க்காரமும் தேங்கினால் தோல் சிவந்து அரிக்கும். வெள்ளி ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கொண்டு வருவார்கள். பல வேளைகளில் தவறு வெள்ளியில் அல்ல, அகலத்திலும் இறுக்கத்திலும்தான்.

தடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 925 வெள்ளியில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் செய்தால் மலிவாக இருக்கும், ஆனால் ஸ்பானரை இறுக்கிப் பிடிக்கும் கையில் அது முட்டை வடிவமாகிவிடும். ஒன்றரைக்குக் குறையக் கூடாது. இளைஞருக்கு 1.7 மில்லிமீற்றர் தடிப்பில், நான்கு மில்லிமீற்றர் அகலத்தில் முடிவாயிற்று. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 4.8 கிராம் வெள்ளி. அவர் முதலில் கேட்ட எட்டு மில்லிமீற்றரென்றால் 9.6 கிராம். பிற சமூகத்து வாடிக்கையாளர் இதே நான்கு மில்லிமீற்றர் மோதிரத்தை 22 கரட் தங்கத்தில் கேட்டால் ஒரு பவுணைச் சற்றுத் தாண்டும், எட்டு மில்லிமீற்றரில் இரண்டு பவுணைத் தாண்டும். அகலத்தைக் குறைத்து ஆலோசனை சொன்னால் விற்பனை பாதியாகுமே என்று சிலர் யோசிக்கலாம். வளைந்தும் இறுகியும் திரும்பி வரும் மோதிரத்துக்குப் போகும் கூலியையும், போன வாடிக்கையாளரையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

தற்போது டங்ஸ்டன் கார்பைட் மோதிரங்களும் சந்தையில் உண்டு. கீறல் விழாது, பளபளப்புப் போகாது. ஆனால் அதைப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ முடியாது. பலமான அடி பட்டால் வளையாது, உடைந்துவிடும். விரல் வீங்கிச் சிக்கிக்கொண்டால் வைத்தியசாலையின் சிறு மோதிர வாள் அதில் இறங்காது. குறட்டால் நெருக்கி நொறுக்கத்தான் வேண்டும். இது தெரியாதவர் பதறிப்போவார். வெள்ளியையும் தங்கத்தையும் அந்த வாள் சில நிமிடத்தில் அறுத்துவிடும், நகைத்தொழிலாளி பிறகு ஒட்டியும் கொடுப்பார். வேலைப்பாடு சுற்றிவரச் செதுக்காத வெறும் வெள்ளி மோதிரத்தை ஓர் இலக்கம் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதும் கடைக்காரருக்கு ஆறுதல்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. மோதிரம் ஆணியிலோ லொறிக் கதவின் கொளுவியிலோ மாட்டி உடல் பாரம் இழுத்தால் விரலின் தோலும் நரம்பும் உரிந்து வந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துநர் ஜிம்மி ஃபாலனுக்கு 2015 ஆம் ஆண்டு நடந்தது இதுதான். வீட்டுச் சமையலறையில் தடுக்கி விழும்போது கல்யாண மோதிரம் மேசை விளிம்பில் மாட்டியது. விரலைக் காப்பாற்ற ஆறு மணித்தியாலச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. சமையலறையிலேயே இப்படியென்றால், லொறியின் மேலிருந்து குதிப்பவருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லவே வேண்டியதில்லை. கராஜ்காரருக்கு இன்னொன்று. பெற்றரியின் நேர்முனையில் வைத்த ஸ்பானரில் மோதிரம் முட்டி, மோதிரத்தின் மறுபக்கம் வாகனத்தின் இரும்பில் பட்டால், 12 வோல்ட் தானே என்று இருக்க முடியாது. பாயும் மின்னோட்டத்தில் மோதிரம் சில விநாடிகளில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றிச் சுட்டுவிடும்.

ஆகவே மெஷினுக்கும் பெற்றரிக்கும் போகுமுன் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இறுகிய மோதிரத்தை யாரும் நாள்தோறும் கழற்றமாட்டார்கள். இலகுவாகக் கழலும் அளவில் கொடுத்தால்தான் கழற்றுவார்கள். வேலை நேரத்திலும் விரலில் ஏதாவது இருக்க வேண்டுமென்பவருக்குச் சிலிக்கன் மோதிரம் இருக்கிறது. பலமாக இழுபட்டால் அது அறுந்துவிடும், மின்சாரமும் கடத்தாது.

இளைஞர் மோதிரத்தை எடுத்துப் போகும்போது நண்பர் ஒரு சிறு தோல் பையையும் கொடுத்தார், சாவிக் கொத்தோடு கோத்து வைக்க. "வேலைக்குப் போகும்போது கழற்றி இதுக்குள்ள போடுங்க தம்பி. சட்டைப் பைக்குள்ள போட்டா குனியும்போது எஞ்சினுக்குள்ள விழும்" என்றார். பையின் விலையை அவர் பில்லில் சேர்க்கவில்லை.