கை இணைப்பது எத்தனையாவது நிமிடத்தில்?

பிளவுஸ் தைக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் திணறுகிற இடம் கை இணைப்பு. கையின் மேல்வளைவு உடம்பின் அக்குள் சுற்றைவிடக் கூடுதலாக இருந்தாலும், வலது கைக்கு வெட்டியதை இடது பக்கம் வைத்துவிட்டாலும், தோளுக்குக் கீழே சுருக்கம் விழும். பிரித்துத் தைத்தாலும் மறுபடி விழும். அப்போதுதான் மிஷினை நிறுத்திவிட்டு, தையல் வகுப்பு அக்கா யூடியூபில் போட்ட பாடத்தைத் திறக்கிறார்கள். வீடியோ 27 நிமிடம். அதில் கை இணைப்பது எங்கே வருகிறது என்று தெரியாது. வீடியோவின் ஓட்டக் கோட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஒருவருடைய வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பாடத்தில் பதில் இருந்தது. அக்கா பொறுமையாக, ஊசி இறங்கும் இடத்தைக்கூட அருகில் காட்டிச் சொல்லியிருந்தார். ஆனால் வீடியோவுக்குக் கீழே இருந்த விளக்கப் பகுதியில் “வணக்கம் தோழிகளே, வீடியோ பிடித்திருந்தால் லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க” என்பதோடு ஒரு போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. ஊரில் ஒரு சின்ன அறையில் நாலைந்து மிஷின் போட்டு வகுப்பு எடுக்கிறவர்கள் நடத்தும் சேனல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். வீடியோவுக்காக ஒரு நாள் முழுக்க மெனக்கெடுபவர்கள், விளக்கத்துக்கு இரண்டு நிமிடம்கூடத் தருவதில்லை. அரை மணி நேரம் ஒதுக்கினால் என்ன செய்யலாம் என்று, 36 இன்ச் லைனிங் பிளவுஸ் பாடம் ஒன்றை வைத்தே பார்க்கலாம்.

விளக்கத்தில் 5000 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது மேலே உள்ள ஓரிரு வரிகள் மட்டும்தான். மீதியைப் பார்க்க ‘மேலும்’ என்பதைத் தொட வேண்டும். வணக்கத்தையும் லைக்கையும் அங்கே வைத்தால் அந்த இடம் வீணாகிறது. அக்கா வகுப்புக்கு வரும் பெண்ணிடம் முதலில் என்ன சொல்வாரோ, அதையே அங்கே எழுத வேண்டும்:

```
36 இன்ச் அளவுக்கு லைனிங் பிளவுஸ் வெட்டுவது முதல் ஹூக் வைப்பது வரை.
அளவு பிளவுஸ் ஒன்று கையில் இருந்தால் போதும்; புதிதாகப் பழகுபவர்களுக்கான பாடம்.
```

எந்த அளவு, என்ன வகை, யாருக்கு, கையில் என்ன இருக்க வேண்டும் என்ற நான்கும் இந்த இரண்டு வரியில் வந்துவிட்டன. 40 இன்ச் தேடுகிறவர் இதைப் படித்ததும் வேறு பாடத்துக்குப் போய்விடுவார். அதனால் நமக்கு நஷ்டமில்லை. தவறான பாடத்தைப் பாதி பார்த்துவிட்டு எரிச்சலோடு போவதைவிட அது நல்லது.

அடுத்தது டைம்ஸ்டாம்ப். விளக்கத்தில் நேரத்தையும் தலைப்பையும் வரிவரியாக எழுதினால், யூடியூப் வீடியோவைச் சேப்டர்களாகப் பிரித்துக் காட்டும். 2020 முதல் இருக்கிற வசதி இது. இதற்கு விதிகள் சில உண்டு. முதல் வரி கட்டாயம் 00:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் வேண்டும். அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சேப்டரும் 10 விநாடியாவது நீள வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட பாடத்துக்கு இப்படி வரும்:

```
00:00 தைத்து முடித்த பிளவுஸ் எப்படி இருக்கும்
00:40 அளவு பிளவுஸிலிருந்து அளவு எடுப்பது
03:10 லைனிங் துணியை மடித்துப் போடுவது
05:25 பின்பாகம் வரைந்து வெட்டுவது
08:50 முன்பாகம், டாட் குறிப்பது
12:30 கை வெட்டுவது: முன்வளைவு, பின்வளைவு
15:05 டாட் பிடிப்பது, பட்டி இணைப்பது
18:40 கழுத்துக்கு கிராஸ் பீஸ் வைப்பது
21:15 கை இணைப்பது: சுருக்கம் விழாமல்
24:00 ஹூக் பட்டி, பக்கத் தையல்
```

இந்தத் தலைப்புகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் முக்கியம். ‘அறிமுகம்’, ‘பகுதி 1’, ‘பகுதி 2’, ‘முடிவுரை’ என்று எழுதினாலும் யூடியூப் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ‘பகுதி 2’ எதையும் சொல்லாது. அவர் தேடுவது ‘கை’, ‘டாட்’, ‘கழுத்து’ போன்றவற்றை. போன் திரையில் நீளமான தலைப்பு பாதியிலேயே வெட்டுப்படும் என்பதால், அந்தச் சொல்லைத் தலைப்பின் தொடக்கத்தில் வைக்க வேண்டும். “சுருக்கம் விழாமல் அழகாகக் கை இணைப்பது” என்று எழுதினால் ‘கை’ கண்ணில் படாமலே போகலாம். “கை இணைப்பது: சுருக்கம் விழாமல்” என்றால் முதலிலேயே தெரிந்துவிடும்.

எங்கே பிரிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கையில் செய்யும் வேலை மாறுகிற இடத்தில் பிரிக்கலாம். மாணவிகள் வழக்கமாகத் தவறு செய்கிற இடத்தில் கட்டாயம் பிரிக்க வேண்டும். கை வெட்டும்போது முன்வளைவைப் பின்வளைவைவிடக் கொஞ்சம் உள்வாங்கி வெட்டுவார்கள். அதைக் கவனிக்காமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டிவிடுவது புதியவர்களுக்குச் சகஜம். அதனால்தான் 12:30-க்கு வெறுமனே ‘கை வெட்டுவது’ என்று விடாமல் இரண்டு வளைவுகளையும் தலைப்பில் சேர்த்தோம். நேரத்தை, பேச்சு தொடங்குகிற விநாடிக்கு இரண்டு மூன்று விநாடி முன்னதாகவே குறித்தால் முதல் வார்த்தை அறுபடாது. குறிப்பதையும் எடிட்டிங் முடிந்த கடைசிக் கோப்பை ஓடவிட்டுத்தான் செய்ய வேண்டும். கேமராவில் பதிவான பழைய கோப்பைப் பார்த்துக் குறித்தால் எல்லாமே தள்ளிப்போகும்.

எழுதிச் சேமித்ததும் போனில் திறந்து பார்த்துவிட வேண்டும். வீடியோவின் ஓட்டக் கோடு சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து தெரிந்தால் சேப்டர் விழுந்துவிட்டது என்று பொருள். விளக்கத்தில் உள்ள நேரங்கள் நீல நிறத்தில் இணைப்பாக மாறியிருந்தும் கோடு பிரியவில்லை என்றால், மேலே சொன்ன விதிகளில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. பல நேரம் அது முதல் வரியாகத்தான் இருக்கும். தொடக்க இசை முடிந்து பாடம் ஆரம்பிப்பது 00:15-இல் என்பதால், அங்கிருந்தே எழுதத் தொடங்கியிருப்பார்கள். நேரங்கள் நீலமாகவே மாறவில்லை என்றால் எழுதிய முறையில் பிழை. நம் பழக்கத்தில் மணியை 3.10 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம் அல்லவா? இங்கே அது செல்லாது, 3:10 என்றுதான் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் வீடியோவில் 1:04:20 என்று மணியையும் சேர்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சேப்டர் வரவில்லை என்றால், சேனல் மீது யூடியூப் நடவடிக்கை ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்கவும். அப்படி இருந்தாலும் இந்த வசதி கிடைக்காமல் போகலாம்.

இன்னொரு சிக்கல் பின்னால் வரும். வெளியிட்ட வீடியோவில் தொடக்க இசை நீளமாக இருக்கிறதென்று ஸ்டூடியோ எடிட்டரில் 20 விநாடியை வெட்டினால் வீடியோ குறுகும். விளக்கத்தில் எழுதிய நேரங்கள் அப்படியே நிற்கும். கை இணைப்பு 20:55-க்கு வந்திருக்க, விளக்கம் 21:15 என்றே சொல்லும். தொட்டுப் பார்ப்பவர் முக்கியமான தொடக்கத்தைத் தவறவிடுவார். வீடியோவில் கைவைத்தால் நேரங்களையும் அன்றே திருத்திவிட வேண்டும்.

சேப்டர் போட்டால் எல்லோரும் தாவித் தாவிப் போய்விடுவார்களே, பார்க்கும் நேரம் குறையாதா என்று வகுப்பு நடத்துகிறவர்கள் கேட்பதுண்டு. கதை சொல்லும் வீடியோவுக்கு அந்தக் கவலை நியாயம். தையல் பாடத்தை யாரும் ஒரே மூச்சில் பார்த்து முடித்து மூடிவிடுவதில்லை. வெட்டும்போது ஒரு முறை, தைக்கும்போது ஒரு முறை என்று திரும்பத் திரும்ப வருகிறார்கள். தேடியது உடனே கிடைக்கிற பாடத்துக்குத்தான் மறுபடி வருவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டூடியோவின் பகுப்பாய்வுப் பக்கத்தில், வீடியோவின் எந்த இடத்தில் எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று காட்டும் வரைகோடு இருக்கிறது. 21:15-ஐ ஒட்டி அந்தக் கோடு மேடாக எழும்பினால், அந்த இடத்தைப் பலர் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் அல்லது நேராக அங்கே வருகிறார்கள். கை இணைப்பை மட்டும் தனியாக ஒரு சின்ன வீடியோவாக எடுக்க அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

இனி தேடுசொற்கள். ஆசிரியை ‘பிளவுஸ்’ என்பார், கிராமத்துப் பெண்மணி ‘ஜாக்கெட்’ என்று தேடுவார், கல்லூரிப் பெண் ஆங்கில எழுத்தில் blouse cutting in tamil என்று தட்டுவார். மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே பாடம்தான். இந்தச் சொற்களைக் கண்டுபிடிக்கச் செலவு எதுவும் இல்லை. யூடியூப் தேடல் பெட்டியில் ‘36 size blouse’ என்று தொடங்கினாலே, மற்றவர்கள் தேடியவை கீழே வரிசையாக வரும். நம் பழைய தேடல்கள் கலக்காமல் இருக்க, மறைநிலை ஜன்னலில் பார்ப்பது நல்லது. சேனலுக்கு ஏற்கெனவே ஆட்கள் வந்துகொண்டிருந்தால், அவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்பதைப் பகுப்பாய்வுப் பக்கமே காட்டும். மாணவிகள் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளையும் அப்படியே குறித்துவைக்கலாம். ‘அக்கா, கை தூக்கினா பிளவுஸ் மேல ஏறுது’ என்பது ஆசிரியைக்குத் தோன்றாத, ஆனால் பலர் தேடக்கூடிய சொற்றொடர்.

கிடைத்தவற்றில் நாலைந்தைத் தேர்ந்து, விளக்கத்தில் வாக்கியத்துக்குள் இயல்பாக வரும்படி எழுத வேண்டும்:

```
லைனிங் வைத்த ஜாக்கெட் தைக்கப் பழகுபவர்கள் (36 size blouse cutting in tamil),
கையில் சுருக்கம் விழுவதையும், கை தூக்கினால் மேலே ஏறுவதையும் எப்படிச் சரிசெய்வது என்று இதில் பார்க்கலாம்.
```

சொன்னதற்கு வீடியோவில் பதில் இருக்க வேண்டும். பிளவுஸ் மேலே ஏறும் விஷயத்தைப் பாடத்தில் பேசவே இல்லையென்றால் அந்தச் சொல்லை எழுதக் கூடாது. ஐம்பது சொற்களைக் கமா போட்டு விளக்கத்தின் அடியில் கொட்டுவது இன்னும் மோசம். குறிச்சொற்களை விளக்கத்தில் குவிப்பது யூடியூபின் விதிகளுக்கே எதிரானது. அதற்காக யூடியூப் வீடியோவை நீக்கவும் செய்யலாம். குறிச்சொற்களுக்கென்று 500 எழுத்துகள் கொண்ட தனிப் பெட்டி இருக்கிறது. அதற்கும் பெரிய பலன் கிடையாது. அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்குத்தான் உதவும் என்று யூடியூபே சொல்கிறது. பிளவுஸ், ப்ளவுஸ், blows என்பவற்றை அங்கே போட்டுவிட்டால் போதும். ஹேஷ்டேக் இரண்டு மூன்று தாராளம். 60-ஐத் தாண்டினால் மொத்தமும் கணக்கில் வராது.

வகுப்பு விவரம் சேப்டர்களுக்கு அடுத்து வரட்டும். ஊர்ப் பெயரும் தெருவும் வகுப்பு நேரமும் அதில் இருக்க வேண்டும். ‘தையல் வகுப்பு’ என்பதோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடுகிறவர்தான் நாளைக்குக் கதவைத் தட்டப்போகிறவர். போன் நம்பர் மட்டும் வீட்டு நம்பராக இருக்கக் கூடாது. யாரும் பார்க்கக்கூடிய இடம் அது. பெண்கள் நடத்தும் வகுப்புக்கு, வேலைக்கென்று தனி சிம் ஒன்று அவசியம்.

நல்ல விளக்கம் மட்டுமே வீடியோவை மேலே கொண்டுபோய்விடாது. தலைப்பும் முகப்புப் படமும்தான் ஆளை உள்ளே அழைத்து வருகின்றன. வந்தவரை அவர் தேடிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது விளக்கத்தின் வேலை. சேனல் வைத்திருப்பவர்கள், அதிகம் பேர் பார்த்த தங்கள் பழைய பாடத்திலிருந்து இதைத் தொடங்குங்கள். வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. விளக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.