அன்றன்றே எழுதப்படும் சாட்சி

கட்டுமான ஒப்பந்தங்களில் வழக்கு எழுவது பெரும்பாலும் பணி முடிந்த பிறகுதான். குறித்த நாளில் கட்டடம் முடியவில்லை என்று உரிமையாளர் இழப்பீட்டைப் பிடித்தம் செய்கிறார். மழையே காரணம் என்கிறார் ஒப்பந்ததாரர். இருவரும் நடுவர் முன் நிற்கும்போது சில ஆண்டுகள் கடந்திருக்கும். அப்போது பணித்தள நாட்குறிப்பு துணை நிற்குமா என்பது, அது எழுதப்பட்ட விதத்தைப் பொருத்தது.

'மழையால் பணி பாதிப்பு' என்ற ஒற்றை வரியால் பயனில்லை. எந்தப் பணி, எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்பதற்கு அதில் விடையில்லை. அதே நாளை இவ்வாறு எழுதலாம்: 'அக்டோபர் 14. காலை 10.40 முதல் பிற்பகல் 1.15 வரை மழை. ஆறாம் எண் தூணின் அடித்தளக் குழியில் 2 அடி நீர். கான்கிரீட் பணி நிறுத்தம். கொத்தனார் 4, சித்தாள் 10 பேருக்கு வேலையில்லை. மோட்டாரால் நீர் இறைத்து 4.30-க்குப் பணி தொடக்கம். கொட்டகையில் கம்பி வளைக்கும் பணி தடையின்றி நடந்தது.'

கடைசி வரி ஒப்பந்ததாரருக்கே பாதகமாகத் தோன்றலாம். ஆனால், தனக்குச் சாதகமானதை மட்டும் எழுதாத குறிப்பையே நடுவர் நம்புவார்.

சாட்சி சொல்பவர், நிகழ்வின்போதோ அது நினைவில் பசுமையாக இருக்கும்போதோ தாம் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 159-ஆவது பிரிவு இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. எனவே, வாரக் கடைசியில் மொத்தமாக எழுதும் வழக்கம் குறிப்பின் மதிப்பைக் குறைத்துவிடும். விடுபட்டதைப் பின்னர் சேர்க்க நேர்ந்தால், 'தாமதப் பதிவு' என்று குறிப்பிட்டு, எழுதும் நாளையே தேதியாக இட வேண்டும். பிழையை அழிக்கக் கூடாது. படிக்க முடியும்படி ஒரு கோடிட்டு, அருகில் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். பக்க எண் அச்சிட்ட, தைத்த பேரேடே ஏற்றது. தாளை உருவினால் தெரிந்துவிடும்.

நாட்குறிப்பு மட்டுமே போதாது. ஆள் வருகைப் பதிவேடு, சரக்கு ரசீது, மழை அளவு ஆகியவற்றோடு எதிர்த்தரப்பு அதை ஒப்பிடும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. இந்திய வானிலைத் துறையின் தினசரி மழையளவு, காலை 8.30-உடன் முடியும் 24 மணி நேரத்துக்கானது. ஆகவே, 14-ஆம் தேதி பகலில் பெய்த மழை 15-ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். மழை தொடங்கிய நேரம் நாட்குறிப்பில் இல்லையெனில், உண்மையான பதிவும் முரண்பாடாகத் தோன்றும்.

உரிமையாளர் தரப்புப் பொறியாளரின் கையொப்பத்தையும் அன்றே பெறுவது நல்லது. அவர் மறுத்தால், மறுத்ததைப் பதிவு செய்து, அப்பக்கத்தின் படத்தை அன்று மாலையே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். பதிவு எந்த நாளில் எழுதப்பட்டது என்ற கேள்வி பின்னாளில் எழுந்தால், அந்த மின்னஞ்சலின் தேதியே பதில் சொல்லும்.