இருபத்தொன்றா, இருபத்தைந்தா?

ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அண்ணன் விட்டுப்போன பழைய கையேட்டில் தமிழ்நாட்டின் மாநகராட்சிகள் 15 என்று இருக்கிறது. போடியில் வாங்கிய புத்தகத்தில் 21. பயிற்சி வகுப்பில் 25 என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். "ஏலக்காய்க்கு நாளுக்கு நாள் விலை மாறும், புரிகிறது. மாநகராட்சி எப்படிங்க ஆண்டுக்கு ஆண்டு மாறும்? இதில் எது சரி?" என்று கேட்கிறார்.

மூன்றும் சரிதான். மூன்றும் வெவ்வேறு நாளில் எண்ணியவை. இன்றைய கணக்கு 25. 2024 ஆகஸ்டிலிருந்து அந்த எண்ணிக்கை.

நெடுங்காலம் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. அதற்கு அடுத்தது மதுரை, 1971-இல். இடைப்பட்ட 283 ஆண்டுகளும் பதில் ஒன்றே ஒன்று. 1981-இல் கோவை சேர்ந்து மூன்றானது. 1994-இல் திருச்சி, சேலம், திருநெல்வேலி ஒன்றாக வந்து ஆறு. 2008-இல் ஈரோடு, திருப்பூர், வேலூர், தூத்துக்குடி வந்து பத்து. 2014-இல் தஞ்சாவூரும் திண்டுக்கல்லும் சேர்ந்து பன்னிரண்டு.

அதற்குப் பிறகுதான் வேகம் கூடியது. 2019-ஐ மட்டும் பாருங்கள். பிப்ரவரியில் ஓசூரும் நாகர்கோவிலும் மாநகராட்சி ஆயின, 14. ஜூனில் ஆவடி ஆனது, 15. அந்த ஆண்டு கோடை விடுமுறையில் அச்சான புத்தகமும் தீபாவளிக்கு அச்சான புத்தகமும் ஒரே ஆண்டைப் போட்டுக்கொண்டு வெவ்வேறு எண்ணைச் சொல்லும். இரண்டிலும் பிழையில்லை. ஆகவே ஆண்டு தெரிந்தால் போதாது, மாதமும் தெரிய வேண்டும்.

மாதம் தெரிந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் ஊர் மாநகராட்சி ஆவதற்கு ஒரு தேதி அல்ல, மூன்று தேதிகள் இருக்கின்றன. சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவிப்பது ஒரு நாள். சட்டமாகவோ அரசாணையாகவோ அது நடைமுறைக்கு வருவது வேறொரு நாள். மக்கள் வாக்களித்து மன்றம் அமைந்து மேயர் நாற்காலியில் உட்காருவது மூன்றாவது நாள். ஒருவர் முதல் தேதியை வைத்து எண்ணுகிறார், இன்னொருவர் மூன்றாவதை வைத்து எண்ணுகிறார். குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

திண்டுக்கல் உங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் தஞ்சாவூரோடு சேர்த்து அறிவிப்பு வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு மாநகராட்சிக்கும் தனித்தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டும். அது முடிந்து திண்டுக்கல் மாநகராட்சியானது 2014 பிப்ரவரியில். அதற்கெனத் தனியாகத் தேர்தல் வைக்கவில்லை. 2011-இல் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மாநகராட்சி மன்றமானது, நகராட்சித் தலைவரே மேயரானார். 2013 இறுதியில் எண்ணியவர் ஒருவர் அறிவிப்பைச் சேர்த்து 12 என்றிருப்பார், இன்னொருவர் சேர்க்காமல் 10 என்றிருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல்களைப் புரட்டினாலோ, திண்டுக்கல் இன்றைக்கும் 2,07,327 பேர் வாழும் நகராட்சியாகவே நிற்கும். அடுத்த கணக்கெடுப்பு வெளியாகும் வரை அந்தப் பக்கம் மாறாது.

ஓசூருக்கும் நாகர்கோவிலுக்கும் ஆவடிக்கும் கதை வேறு. நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்தான். இடையில் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். இந்த மூன்று ஊர்களும் மாநகராட்சி என்று பலகை மாட்டியபோது அங்கே மேயரும் இல்லை, மாமன்ற உறுப்பினரும் இல்லை. முதல் மேயர்கள் வந்தது 2022 மார்ச்சில். மூன்று ஆண்டுகள் வரியைக் கட்டியவர்களுக்குத் தங்கள் வார்டுக்காகக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனது சின்ன விஷயமல்ல. கடைசித் தேர்தலை வைத்து எண்ணியவருக்கு 2020-இல் மாநகராட்சிகள் பத்து. சட்டத்தை வைத்து எண்ணியவருக்குப் பதினைந்து.

உங்கள் மகளின் புத்தகத்திலுள்ள 21 வந்த வழி இது. 2021 ஆகஸ்டு 24 அன்று தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி ஆகிய ஆறும் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டன. 2022 தேர்தல் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 490 பேரூராட்சிகளுக்கும் நடந்தது. தேர்தல் எண் என்பதால் அது எல்லாப் புத்தகங்களிலும் ஊன்றிவிட்டது. பிறகு 2024 மார்ச்சில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி அறிவிக்கப்பட்டு, ஆகஸ்டில் மாநகராட்சிகளாயின. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டதால் ஊருக்கொரு சட்டம் என்ற வேலை இம்முறை இல்லை.

சரி, ஏன் இத்தனை ஊர்கள்? அரசியல் சட்டம் 'பெரிய நகர்ப்பகுதி'க்கு மாநகராட்சி என்கிறதே தவிர, எத்தனை பேர் இருந்தால் பெரிது என்று சொல்லவில்லை. அதை மாநிலம்தான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் மூன்று லட்சம் மக்கள், ஆண்டு வருவாய் 30 கோடி ரூபாய் என்றிருந்த அளவுகோலை 2024 ஜூனில் இரண்டு லட்சம், 20 கோடி என்று தளர்த்தினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2015-இல் கண்ணூர் சேர்ந்ததிலிருந்து எண்ணிக்கை ஆறாகவே நிற்கிறது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடுக்கி மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

அளவுகோல் இறங்கினாலும் பல ஊர்கள் தனியாக அதைத் தொட முடியாது. காரைக்குடி நகராட்சியில் 2011-இல் இருந்தது 1,06,714 பேர்தான். கோட்டையூர், கண்டனூர் என்ற இரண்டு பேரூராட்சிகளையும் சங்கராபுரம் உள்ளிட்ட ஐந்து ஊராட்சிகளையும் இழுத்துச் சேர்த்துத்தான் மாநகராட்சி உருவானது. ஒன்று கூடும்போது மற்ற பட்டியல்களில் சில குறைகின்றன. அதனால் ஊராட்சிகளின் எண்ணிக்கையும் நிலையாக நிற்காது.

இதில் எனக்குக் கவலை உண்டு. ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், அது கிராமப்புறத்துக்கு மட்டுமே உரியது. வரி விதிப்பும் மாறும். சேர்க்கப்பட்ட ஊர்கள் பலவற்றில் எதிர்ப்பு கிளம்பியதற்கு இதுவே காரணம். எண் ஒன்று கூடியது என்று நாம் குறித்துக்கொள்ளும் நாளில் எங்கோ ஒரு கிராமசபை கடைசியாகக் கூடிக் கலைந்திருக்கிறது.

தேனி மாவட்டத்தில் மாநகராட்சி இல்லை. ஆறு நகராட்சிகள் உண்டு. 2011 கணக்கில் தேனி அல்லிநகரத்தில் 94,453 பேர், போடியில் 75,675 பேர். ராசிங்காபுரம் ஊராட்சியாகவே இருக்கிறது.

மகளிடம் சொல்லுங்கள்: பழைய எண்களை அடித்துப்போட வேண்டாம். 15-க்குப் பக்கத்தில் '2019 ஜூன்' என்றும், 21-க்குப் பக்கத்தில் '2022 தேர்தல்' என்றும், 25-க்குப் பக்கத்தில் '2024 ஆகஸ்டு' என்றும் எழுதிவைக்கட்டும். வினாவில் ஆண்டு இருந்தால் அதற்குரியதை எடுக்கலாம், இல்லாவிட்டால் கடைசி எண்.