சிறுநீர் காட்டும் கட்டி

நியூரோபிளாஸ்டோமா பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அட்ரினல் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய். வயிற்றில் கெட்டியான கட்டி, எலும்பு வலியால் நொண்டுதல், அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றிய கருமை என்று அது வெளிப்படும். கேட்டகோலமைன்களைக் கட்டியே பெருமளவு சிதைத்துவிடுவதால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறுவதில்லை. அரிதான ஃபியோகுரோமோசைட்டோமாவிலோ அது கடுமையாக ஏறும், வியர்வை கொட்டும். அங்கே மெட்டாநெஃப்ரின்களை அளக்க வேண்டும்.

நியூரோபிளாஸ்டோமாவின் சிதைவுப் பொருள்களான வி.எம்.ஏ., ஹெச்.வி.ஏ. சிறுநீரில் மிகும். கைக்குழந்தையிடம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது பெரும்பாடு. ஒருமுறை கழித்ததே போதும். அது நீர்த்திருந்தாலும் கணக்குத் தவறாதபடி கிரியேட்டினினோடு ஒப்பிட்டு, வயதுக்குரிய அளவோடு பார்ப்பார்கள். சில கட்டிகள் இவற்றைச் சுரக்காததால், இயல்பான முடிவு நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

ஜப்பானில் 6 மாதக் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனை நடந்தது. தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளே மிகுதியாகச் சிக்கின. தேவையற்ற சிகிச்சை கூடியதால் 2004இல் அது நிறுத்தப்பட்டது.